மைனஸ் எட்டு

எங்கள் வீட்டில் இரண்டு ஆண்கள். ஒருவர் என்னைக் கட்டிக்கொண்டவர், இன்னொருவன் என்னோடு பிறந்தவன். இரண்டு பேரும் எலக்ட்ரீஷியன். இரண்டு பேருக்கும் சேர்த்து மூளை ஒன்றுதான், அதையும் வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து உபயோகிக்கிறார்கள்.

இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. கோபம் போய் ரொம்ப நாளாகிவிட்டது. இப்போது இருப்பது வேறு. சாக்கடை ஓரமாகப் போகிறவள் புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொள்வாளே, அந்த மாதிரி.

நாங்கள் மூவரும் ஒரே மெயின்டனன்ஸ் கம்பெனி. நான் சூப்பர்வைசர். ஏழெட்டுக் கட்டடங்கள் என் பொறுப்பு. இவர்கள் இருவருக்கும் ஒரே கட்டடம், நாலு மாடி. முன்பு இரண்டு பேரும் சேர்ந்துதான் வேலை பார்த்தார்கள். "மாமா, மாமா" என்று தம்பி பின்னாலேயே திரிவான். "மாப்ளே இல்லாம எனக்குக் கையே ஓடாது" என்பார் இவர். அப்புறம் ஒரு நாள் பேச்சு நின்றது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். பேனலுக்குள் வேலை செய்யும்போது என் வீட்டுக்காரர் ஒரு போல்ட்டைக் கீழே நழுவவிட்டாராம். அது பேனலின் அடிவயிற்றில் போய் விழுந்துவிட்டது. காந்தத்தைக் கயிற்றில் கட்டி, கிணற்றில் வாளி தேடுகிற மாதிரி மத்தியானம் பூராவும் தேடியிருக்கிறார். கட்டட மேனேஜர் வந்து நின்று, "என்னய்யா மீன் பிடிக்கிறியா?" என்று கேட்டிருக்கிறார். தம்பி சிரித்துவிட்டான்.

அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்கு அரை வருஷ மௌனம்.

தம்பி மாடியில், நாங்கள் கீழே. சாப்பாடு ஒரே இடத்தில், ஏனென்றால் அவன் பெண்டாட்டிக்கு மருத்துவமனையில் ஷிஃப்ட் வேலை, சமையல் என் தலையில். இரண்டு பேரும் எதிரெதிரே உட்காருவார்கள். இடையில் ஒரு முழம்கூட இருக்காது.

"மாடித் தண்ணி நிரம்பி வழியுது, மோட்டாரைப் போட்டவனுக்கு நிறுத்தவும் தெரியணும்னு உன் தம்பிகிட்ட சொல்லு."

"அக்கா, மோட்டாரைப் போட்டது நான் இல்லன்னு மாமாகிட்ட சொல்லிடு."

நான் நடுவில் சோற்றுக் கரண்டியோடு நிற்பேன். ஒயர் மாதிரி. ஒரு பக்கம் போட்டால் மறுபக்கம் போய்ச் சேரும். கம்பெனியிலும் வந்து இருவரும் தனித்தனியே என்னைக் கெஞ்சினார்கள்: ஒரே நேரத்தில் போடாதே, வாரம் மாற்றிப் போடு. மூஞ்சியைப் பார்க்க முடியவில்லையாம். போட்டுத் தொலைத்தேன். ஒரு வாரம் இவர், ஒரு வாரம் அவன்; மற்றவருக்கு அந்த வாரம் வேறு கட்டடம். அந்தக் கட்டடமும் விளங்கும் என்று நம்பினேன்.

விளங்கியது.

ஒரு நாள் அந்தக் கட்டடத்து மேனேஜர் கூப்பிட்டார். அவருக்குக் கோந்து என்று பெயர் வைத்திருக்கிறோம். சுவரில் காலி இடம் கண்டால் ஒரு நோட்டீஸ் ஒட்டாமல் அவருக்குத் தூக்கம் வராது. இங்கே சாயாதீர், அங்கே நிற்காதீர், தண்ணீரைச் சிந்தாதீர். படிக்கிறவர்கள் ஒருவரும் கிடையாது. அவர் மட்டும் போகிறபோதும் வருகிறபோதும் தன் எழுத்தை நின்று ரசித்துவிட்டுப் போவார்.

"உக்காருங்க மேடம். திருடியைப் பிடிச்சுட்டேன்" என்றார்.

"யாரு?"

"கீழே சலவைக்கடை வச்சிருக்காளே, அந்தம்மாதான். கரண்ட்டு திருடுறா."

கட்டடத்துக்கு ஒரு பெரிய மீட்டர். அதற்குக் கீழே ஒவ்வொரு கடைக்கும் ஆபீசுக்கும் ஒரு சப்-மீட்டர். எல்லா சப்-மீட்டரையும் கூட்டினால் பெரிய மீட்டருக்குக் கிட்டத்தட்ட வரவேண்டும். அரை வருஷமாக வரவில்லை. இடிக்கிற இடம் சலவைக்கடை. ஹோட்டல் படுக்கை விரிப்புகளை மூட்டை மூட்டையாக வெளுக்கிற கடை. காய வைக்கிற ட்ரையர்கள் பகல் முழுக்க ஓடும். ஆனால் ரீடிங் மட்டும் மூன்றில் ஒரு பங்கு இளைத்துப் போயிருந்தது.

"மீட்டர்ல கோளாறு இருக்கலாமே சார்."

"அங்கதான் இருக்கு சூட்சுமம்!" கோந்து மேஜையைத் தட்டினார். "நான் என்ன முட்டாளா? நானே போய்ப் பார்த்தேன். ஒரு நாள் பார்த்தா சும்மா ஜம்முனு ஓடுது. சரின்னு விட்டா, அந்த மாசக் கடைசியில ரீடிங் கம்மி. இன்னொரு நாள் திடீர்னு போனா படுத்துக் கெடக்கு. அடுத்து போனா மறுபடி ஓடுது. மெஷினுக்கு என்ன மூடா இருக்கு? நாம பார்க்குறப்ப ஓட விடுறா, பார்க்காதப்ப நிறுத்துறா. மீட்டர் ரூம் கதவு அவ கடையோட பின்வாசலுக்குப் பக்கத்துலதானே இருக்கு? சாவி ஆணியில தொங்குது. வெளக்குமாறெல்லாம் அதுக்குள்ளதான் வைக்கிறா."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பூரிப்பு. ஒரு மனிதர் தன் வாழ்நாளில் முதன்முறையாக யோசித்திருக்கிறார், அது எப்படித் தெரியாமல் போகும்.

வெள்ளிக்கிழமை கட்டட முதலாளி வருகிறாராம். அந்தக் கடையின் குத்தகையைப் புதுப்பிக்கிற நாள். அன்றைக்கு நான் வந்து, மீட்டரில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று என் வாயால் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். லைசென்ஸ் உள்ளவள் சொன்னால் எடுபடும். அவளைக் காலி பண்ணிவிடலாம்.

"பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

"பார்க்க என்ன இருக்கு?" என்றார். நியாயம்தான், அவருக்குப் பார்க்க என்ன இருக்கிறது?

சலவைக்கடைக்குப் போனேன். சலவையம்மாவை எனக்கு ஏற்கெனவே தெரியும். எங்கள் கம்பெனிச் சட்டைகளை அவள்தான் வெளுத்துத் தருகிறாள். கிரீஸ் பிடித்த சட்டையை வேறு கடையில் கொடுத்தால் முகத்தைச் சுளிப்பார்கள். இவள் ஒன்றும் சொல்லாமல் வாங்கிப் போட்டுக்கொள்வாள். புருஷன் விட்டுப் போனபின் ஒற்றை மெஷினில் ஆரம்பித்து இவ்வளவு தூரம் வந்தவள். ஆவியிலேயே நின்று நின்று கை இரண்டும் சிவந்திருக்கும்.

அன்றைக்கு அவள் என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. விரிப்பை மடித்துக்கொண்டே பேசினாள்.

"நீங்களும் பார்க்க வந்தீங்களா, திருடிய? மாடியில பல் டாக்டர் வீட்டம்மா என்கிட்ட துணி போடுறத நிறுத்திட்டாங்க. ஹோட்டல்காரர் போன் பண்ணி, 'என்னம்மா ஏதோ கேள்விப்படுறேனே'ன்னு இழுக்குறார். இந்த இடம் போச்சுன்னா ஹோட்டல் வேலையும் போச்சு. திருடின்னு பேர் வாங்கிட்டு எந்தக் கட்டடத்துல போய் இடம் கேக்குறது?"

"நான் மீட்டரைத்தான் பார்க்க வந்தேன்" என்றேன்.

"முதல் தடவ ரீடிங் கம்மியா வந்தப்ப நான்தான் போய்ச் சொன்னேன், தெரியுமா? 'சார், கம்மியா வந்திருக்கு, எங்கயோ தப்பு, பாருங்க'ன்னு. 'கம்மியா வந்தா சந்தோஷப்பட்டுட்டுப் போம்மா'ன்னார். இப்ப அதையே திருப்பிப் போடுறார். திருடிட்டு, சந்தேகம் வராம இருக்கத்தான் முந்திக்கிட்டு வந்து சொன்னேனாம்."

எனக்கு வாய்வரை வந்தது. கோந்தைப் பற்றி நல்ல தமிழில் நாலு சொல். விழுங்கிக்கொண்டேன்.

"ட்ரையர் எல்லாத்தையும் ஓட விடுங்க" என்று சொல்லிவிட்டு மீட்டர் ரூமுக்குள் போனேன்.

கரண்ட் அதிகம் எடுக்கிற இடத்தில் மீட்டருக்குள்ளேயே முழுக் கரண்ட்டையும் விட மாட்டார்கள். கடைக்குப் போகிற சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்று கேபிளிலும் ஆளுக்கொரு வளையம் மாட்டியிருப்பார்கள். அதற்குப் பெயர் சி.டி. கேபிளில் ஓடுகிற பெரிய கரண்ட்டுக்குத் தக்கபடி அந்த வளையம் ஒரு சின்னக் கரண்ட்டை மீட்டருக்கு அனுப்பும். மீட்டர் கணக்குப் போடும். வளையத்துக்கு முகம் உண்டு, முதுகு உண்டு. பி ஒன்று என்று எழுதிய முகம் கரண்ட் வருகிற பக்கம் பார்க்க வேண்டும். அதிலிருந்து வருகிற இரண்டு ஒயருக்கும் எஸ் ஒன்று, எஸ் இரண்டு என்று எண் உண்டு. அதுவும் மாறக்கூடாது. மாறினால் மீட்டருக்கு, அந்தக் கேபிளில் கரண்ட் கடைக்குப் போகவில்லை, கடையிலிருந்து திரும்பி வருகிறது என்று தோன்றும். கூட்ட வேண்டியதைக் கழித்துவிடும்.

கேபிளைக் கவ்விக் கரண்ட்டை அளக்கிற கிளாம்ப் மீட்டரை மூன்று கேபிளிலும் போட்டுப் பார்த்தேன். மூன்றிலும் முப்பத்தைந்து ஆம்பியர், கூடக்குறைய. மீட்டரின் திரையிலும் மூன்று ஆம்பியரும் அதே. எந்த வளையமும் செத்துப் போகவில்லை, ஷார்ட் ஆகவும் இல்லை. ஆம்பியரோடு நிறுத்தினால் எல்லாம் சுபம். ஆனால் நான் பட்டனை இன்னும் இரண்டு தட்டுத் தட்டி, ஒவ்வொரு ஃபேஸும், அதாவது ஒவ்வொரு கேபிளும், தனித்தனியே எத்தனை கிலோவாட் என்று பார்த்தேன்.

மஞ்சள், எட்டு. நீலம், எட்டு. சிவப்பு, மைனஸ் எட்டு.

மொத்தம் எட்டு. இருபத்து நாலு காட்ட வேண்டிய இடத்தில் எட்டு. ஒருத்தன் போட்டதை இன்னொருத்தன் எடுத்துவிட்டான், மிஞ்சியது மூன்றாமவன் போட்டது மட்டும்.

சிவப்புக்கு ஒயர் மாறியிருக்கிறது என்று நினைத்து, மீட்டருக்குக் கீழே இருக்கிற டெர்மினல் மூடியைத் திறந்தேன். எஸ் ஒன்று ஒயர் எஸ் ஒன்றில். எஸ் இரண்டு ஒயர் எஸ் இரண்டில். மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிற ஒயரிங் படத்தில் போட்டிருப்பது அட்சரம் பிசகாமல் அப்படியே. ஒயர் மாறவில்லை, ஆனால் மைனஸ். அப்படியானால் வளையமே திரும்பியிருக்கிறது. நல்லது, இது ஒரு தப்பு. ஆனால் இந்தத் தப்பு எப்போதும் ஒரே மாதிரிதான் காட்டும். நாள் பார்த்து ஓடி, நாள் பார்த்துப் படுக்காது. கோந்து பார்த்தபோது சில நாள் எப்படிச் சரியாக ஓடியது?

டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனேன். மஞ்சள், நீலம் ஸ்க்ரூக்கள் புதுசு போலப் பளபளத்தன. சிவப்பு ஸ்க்ரூ இரண்டும் மட்டும் தலை மழுங்கிக் கிடந்தன. யாரோ திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். அட, கோந்து சொன்னது நிஜமா என்று ஒரு நொடி எனக்கே திக்கென்றது.

அப்புறம் அந்தப் பொட்டைப் பார்த்தேன்.

ஸ்க்ரூவை முறுக்கியதும் தளர்ந்தால் தெரியட்டும் என்று அதன் தலைமேல் ஒரு அடையாளம் வைப்பது சிலருக்கு வழக்கம். என் தம்பி அதற்குப் பெண்டாட்டியின் நெயில் பாலிஷை எடுத்துப்போவான். அவளும் நானும் திட்டாத நாளில்லை. சிவப்பு ஸ்க்ரூவின் தலையில் அந்த நெயில் பாலிஷ் இருந்தது. ஒரு பொட்டு இல்லை. விரிசல் விட்டு, உரிந்து, அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று. வெங்காயம் மாதிரி. அவன் ஒவ்வொரு தடவை வைத்ததையும் யாரோ உடைத்துத் திறந்திருக்கிறார்கள். ஒயரின் கழுத்தில் பிய்த்தெடுத்த கறுப்பு டேப்பின் பசை ஒட்டிக்கொண்டிருந்தது. எதைத் தொட்டாலும் மூன்று சுற்று டேப் சுற்றாமல் கையெடுக்காத மகானையும் எனக்குத் தெரியும். அவரோடுதான் குடும்பம் நடத்துகிறேன்.

விளங்கிப்போயிற்று. தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே ஒரு பெயின்ட் டப்பாமேல் உட்கார்ந்துவிட்டேன்.

இவர் வாரம் வரும். இவர் படத்தையெல்லாம் பார்க்க மாட்டார். "அனுபவம்" பார்ப்பார். பட்டனைத் தட்டுவார், மைனஸ் தெரியும், சிவப்பு ஒயர் இரண்டையும் இடம் மாற்றிப் போடுவார். வளையம் திரும்பியிருக்கிறது, ஒயரையும் திருப்பினால் தப்பும் தப்பும் சேர்ந்து சரியாகிவிடும். மீட்டர் ஒழுங்காக ஓடும். டேப்பைச் சுற்றிவிட்டு வந்துவிடுவார். அடுத்த வாரம் அவன். அவன் மைனஸ் பிளஸ் பார்க்க மாட்டான், ஆம்பியர் மூன்றும் சமமா என்பதோடு சரி. ஆனால் படத்தை வைத்துக்கொண்டு ஒயர் ஒயராகத் தடவுவான். எஸ் ஒன்று இருக்கவேண்டிய இடத்தில் எஸ் இரண்டு! ஐயோ பாவம் மாமா, கண் தெரியவில்லை என்று டேப்பைப் பிய்த்து, படப்படி மாட்டி, பொட்டு வைத்துவிட்டு வருவான். மீட்டர் படுத்துவிடும். மறுவாரம் இவர்.

அரை வருஷம்! மற்றவனின் முட்டாள்தனத்தைப் பெருந்தன்மையோடு திருத்திக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "ஏன் மாப்ளே இதை மாத்துன?" என்று கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். கேட்பார்களா? மானம் போய்விடுமே. ஒரு பெண்பிள்ளை திருடிப் பட்டம் சுமந்தால் என்ன, இவர்கள் மானம் பத்திரமாக இருக்கிறதல்லவா.

சலவையம்மாவிடம் சொல்லி ட்ரையர்களை நிறுத்தி, அந்த லைனை அணைத்துப் பூட்டி, கேபிளில் கரண்ட் நின்றுவிட்டதா என்று சோதித்துவிட்டுப் பேனலின் பின்தகட்டைக் கழற்றினேன். கைக்கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தேன். மஞ்சளும் நீலமும் ஒரு பக்கம் பார்த்திருந்தன. சிவப்பு மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. என் வீட்டு ஆண்கள் ஒருவரையொருவர் நடத்துகிற மாதிரியே. அதன் அடியில் ஒரு போல்ட் கிடந்தது, துருப்பிடித்து. மீன் பிடித்த அன்றைக்குக் கிடைக்காத அதே போல்ட். அன்றைக்குத்தான் இந்த மீட்டருக்கு வளையங்கள் மாட்டினார்கள். இவர் கோபித்துக்கொண்டு வெளியேறிய பின் மிச்சமிருந்த வளையத்தைத் தம்பி தனியாகப் பின்பக்கத்திலிருந்து மாட்டியிருக்கிறான். முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று சொல்ல ஆளில்லை.

முதலாளி கண்ணால் பார்க்கட்டும் என்று ஒன்றையும் தொடவில்லை. தகட்டை மூடி, லைனைப் போட்டுவிட்டு, சாவியை ஆணியில் மாட்டாமல் என் பையில் போட்டுக்கொண்டேன்.

வாசலில் சலவையம்மா நின்றாள். "என்ன?" என்று கண்ணாலேயே கேட்டாள்.

"இந்த ரூமுக்கு யார் யார் வருவாங்க?"

"உங்க வீட்டுக்காரர் ஒரு வாரம், உங்க தம்பி ஒரு வாரம். ரெண்டு பேருக்கும் நான்தான் டீ குடுப்பேன். மேனேஜர்கிட்டயும் சொன்னேனே, 'உங்க ஆளுங்கதான் அதைத் தெறக்குறாங்க'ன்னு. 'அவங்க வேலை அது, உனக்கு என்ன வேலை'ன்னார்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்க" என்றேன். அவள் உள்ளே திரும்பிப் போனாள். பொறு என்று சொன்னவர்களை நிறையப் பார்த்திருப்பாள்.

அன்று வீட்டில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நான் பரிமாறவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, சலவைக்கடை மீட்டரின் சிவப்பு ஸ்க்ரூ கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னேன்.

"உன் தம்பி ஒயரை மாத்தி மாத்திப் போட்டா நான் என்ன பண்றது?" என்றார் இவர்.

"அக்கா, படத்துல இருக்கிறபடிதான் நான் போட்டேன்" என்றான் அவன்.

"வளையத்தைத் திருப்பி மாட்டினது யாரு?"

தம்பி காலித் தட்டைச் சுற்றினான்.

"மீட்டர் மைனஸ் காட்டுதுன்னு தெரிஞ்சும் ஏன்னு தேடாம ஒயரை மட்டும் மாத்திட்டு வந்தது யாரு?"

நான் சொன்னேன், வெள்ளிக்கிழமை முதலாளி முன்னால் நீங்கள் இரண்டு பேரும் வந்து நின்று நடந்ததைச் சொல்ல வேண்டும், அந்தம்மாவைத் திருடி என்கிறார்கள், கடையைக் காலி செய்யச் சொல்லப்போகிறார்கள் என்று.

இவர் தட்டைப் பார்த்தார். அவன் சுவரைப் பார்த்தான். பிறகு, அரை வருஷத்தில் முதன்முறையாக, என் வீட்டுக்காரர் தலையைத் திருப்பி நேராக என் தம்பியைப் பார்த்தார்.

"மாப்ளே, சொன்னா ரெண்டு பேர் வேலையும் போயிரும்ல?"

"போயிரும் மாமா" என்றான் அவன்.

"கம்பெனிக்கும் கெட்ட பேரு."

"ஆமா மாமா. அந்தம்மாவுக்கு என்ன, வேற எடம் பார்த்துக்கும். ஏற்கெனவே எல்லாரும் அப்படித்தானே பேசுறாங்க. நாம புதுசா என்ன சொல்லப் போறோம்? சும்மா இருந்தாப் போதும்."

"அதான் நானும் சொல்றேன்."

சொல்லாமல் என்ன, வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, அதை அவர்களுக்குக் காட்டுவேனா? இந்த இரண்டு பேரையும் பேச வைக்க நான் எத்தனை பாடுபட்டிருப்பேன். பண்டிகை நாள், பிறந்த நாள், காய்ச்சல், ஆஸ்பத்திரி, எதற்கும் வாய் திறக்காதவர்கள். கடைசியில் ஒரு பெண்ணைக் கிணற்றில் தள்ளத்தான் மாமனும் மச்சானும் கைகோத்தார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழி சலவைக்கடையில், பாவம் என் வீட்டில் சோறு தின்ன உட்கார்ந்திருந்தது.

"நல்லாப் பேசுறீங்க ரெண்டு பேரும்" என்றேன். "பேசத் தெரியாதோன்னு பயந்துட்டேன். வெள்ளிக்கிழமை அங்கயும் இப்படியே பேசுங்க. நீங்க வரலன்னா நானே சொல்லுவேன், உங்க பேரோட. வந்தீங்கன்னா உங்க வாயால சொன்ன மரியாதையாவது மிஞ்சும்."

"புருஷனையே காட்டிக் குடுப்பியா?" என்றார் இவர்.

"புருஷனையும் குடுப்பேன், தம்பியையும் குடுப்பேன். ரெண்டையும் சேர்த்தாலும் அந்தம்மா மடிச்சு வைக்கிற ஒரு விரிப்புக்குத் தேறாது."

சோற்றைப் பானையோடு நடுவில் வைத்துவிட்டு எழுந்துகொண்டேன். வேண்டுமானால் போட்டுத் தின்னட்டும்.

வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். கால்களை இழுத்து இழுத்து நடந்து வந்து, பள்ளிக்கூடத்தில் அடி வாங்கப் போகிற பிள்ளைகள் மாதிரி சுவரோரமாக நின்றார்கள். மீட்டர் ரூமில் முதலாளி, கோந்து, சலவையம்மா. வெளியே காரிடாரில் பக்கத்துக் கடைக்காரர்கள். கோந்துதான் கூப்பிட்டிருந்தார், திருடி பிடிபடுவதைப் பார்க்க.

"சொல்லுங்க மேடம்" என்றார் கோந்து. "யாரோ கை வச்சிருக்காங்க, இல்லையா?"

"வச்சிருக்காங்க" என்றேன். கோந்து முதலாளியைப் பார்த்துப் புன்னகைத்தார். "ரெண்டு பேர். இதோ நிக்கிறாங்க, எங்க கம்பெனி ஆளுங்க. ஒருத்தர் என் வீட்டுக்காரர், ஒருத்தன் என் தம்பி."

முதலாளிக்கு மீட்டரின் திரையைக் காட்டினேன். எட்டு, எட்டு, மைனஸ் எட்டு. "வாங்க, நீங்களே சொல்லுங்க" என்றேன் அவர்களிடம். தம்பிதான் முதலில் வாய் திறந்தான், வளையத்தைத் தானே திருப்பி மாட்டியதாக. இவர் அடுத்து முனகினார். யார் யார் எந்த வாரம் ஒயரை மாற்றினார்கள் என்பது அரைகுறையாக வெளியே வந்தது. கோந்தின் முகத்தில் பூரிப்பு இருந்த இடம் மெல்லக் காலியாகிக்கொண்டு வந்தது.

"சொன்னா நம்ப மாட்டீங்க. செஞ்சே காட்டட்டும்" என்றேன்.

லைனை அணைத்துப் பூட்டினோம். இவர் சிவப்புக் கேபிளின் முனையைக் கழற்ற, தம்பி வளையத்தை உருவித் திருப்பி, பி ஒன்று கரண்ட் வருகிற பக்கம் பார்க்க மாட்டினான். "பார்த்து மாமா, போல்ட்டு" என்றான். "தெரியும் மாப்ளே" என்றார். என்ன பாசம்! ஒயர் படத்தில் உள்ளபடியே இருந்தது, அதைத் தொட விடவில்லை. லைனைப் போட்டு, சலவையம்மா ட்ரையர்களை ஓட விட்டாள். திரையில் எட்டு, எட்டு, எட்டு. மொத்தம் இருபத்து நாலு.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். "அப்ப இந்தம்மா..." என்றார்.

"முதல் மாசமே வந்து, கம்மியா வருது பாருங்கன்னு உங்க மேனேஜர்கிட்ட சொன்னது இந்தம்மாதான்" என்றேன்.

"அது வந்து சார்..." என்று ஆரம்பித்த கோந்துக்கு அதற்கு மேல் வார்த்தை ஒட்டவில்லை.

சலவையம்மா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "நான் ஓட்டின கரண்ட்டுக்கு நான் குடுத்துடுறேன். அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா இவர் என்னைத் திருடின்னு சொன்னது இந்த ரூமுக்குள்ள இல்ல. வெளியே, அந்தக் காரிடார்ல. இல்லைன்னும் அங்க வச்சுத்தான் சொல்லணும்."

முதலாளி கோந்தைப் பார்த்தார். கோந்து காரிடாருக்கு வந்து, தான் ஒட்டிய நோட்டீசுக்கு எதிரே நின்று, காலரைச் சரிசெய்துகொண்டு, ஏதோ தொழில்நுட்பக் காரணங்களால் சில தவறான கருத்துகள் என்று இழுத்தார்.

"கேக்கல" என்றாள் சலவையம்மா.

"இந்தம்மா மேல தப்பு இல்ல."

"திருடினேன்னு சொன்னீங்களே. அந்த வார்த்தை?"

"இந்தம்மா... திருடல" என்றார் கோந்து. இந்தத் தடவை காரிடார் கோடியில் நின்ற தையல் கடைக்காரர்வரை கேட்டது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக உள்ளே போய், பாதியில் விட்ட விரிப்பை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். எனக்கு நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? என் வீட்டுக் குப்பையைத்தான் நான் அள்ளினேன்.

குத்தகை புதுப்பிக்கப்பட்டது. எங்கள் கம்பெனியை அந்தக் கட்டடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இவர்கள் இருவரையும் கம்பெனி வேறொரு இடத்துக்கு, கிடங்கில் பல்பு எண்ணி அடுக்குகிற வேலைக்கு அனுப்பியது. இரண்டு பேருக்கும் ஒரே நேரம், ஒரே மேஜை. சேர்ந்தே போகிறார்கள், சேர்ந்தே வருகிறார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சிரிப்புச் சத்தம் கேட்கிறது.

என்னோடுதான் பேசுவதில்லை.

"மாப்ளே, குழம்புல உப்பு இல்லைன்னு உங்க அக்காகிட்ட சொல்லு."

"அக்காகிட்ட நானும் பேசுறதில்ல மாமா."

"அப்ப யாரு சொல்றது?"

இரண்டு பேரும் முழிப்பார்கள். உப்பு ஜாடி எனக்குப் பக்கத்தில்தான் இருக்கும். நான் நகர்த்த மாட்டேன். உப்பில்லாமலேயே தின்றுவிட்டு எழுந்து போவார்கள்.

போன வாரம் சலவைக்கடையிலிருந்து கம்பெனிச் சட்டை மூட்டை வந்தது. கட்டடம் கைவிட்டுப் போனாலும் எங்கள் சட்டைகளை அவள் கைவிடவில்லை. என் சட்டை மடிப்புக் கலையாமல் மேலே இருந்தது, காலர்கூடக் கத்தி மாதிரி. மற்றவர்களுடையதும் அப்படியே. அடியில் தனிப் பையில் இரண்டு சட்டைகள், போன மாதிரியே கிரீசோடும் வியர்வை நாற்றத்தோடும் திரும்பி வந்திருந்தன. கொண்டுவந்த பையன், "இந்த ரெண்டை மட்டும் தொட மாட்டேன்னு அம்மா சொல்லிட்டாங்க" என்றான்.

நானும் தொடவில்லை. பையை வாசலிலேயே விட்டுவிட்டேன். நாள் பூராவும் ஒருவர் மாற்றி ஒருவர் அதைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். மறுநாள் காலையில் கொல்லைக் குழாயடியில் மாமனும் மச்சானும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஆளுக்கொரு சட்டையைக் கல்லில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கறை போகவில்லை.